ஆறு எட்டாகும் இடம்: அட்டவணைகளை ஸ்கேன் செய்வது குறித்து

மைசூர் சமஸ்தானத்தின் மக்கள்தொகை 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 5,055,412. பத்தாண்டுகள் கழித்து, 1881இல், 4,186,188. இடையில் 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம் இருந்தது. இரண்டு எண்களையும் கழித்தால் கிடைக்கும் 869,224 என்னும் வேறுபாடுதான் அந்தப் பஞ்சத்தைப் பற்றி எழுதும் எவரும் முதலில் தொடும் எண். பெங்களூரில் சமூக வரலாறோ மக்கள்தொகையியலோ மொழிப் பரவலோ ஆராயும் மாணவர்கள் அனைவரும் என்றாவது ஒருநாள் இத்தகைய அட்டவணைகளின் முன் வந்து நிற்கிறார்கள். அவர்கள் முன் இருப்பது பெரும்பாலும் புத்தகம் அன்று, புத்தகத்தின் பிடிஎஃப்.

4,186,188 என்னும் எண்ணை இன்னொரு முறை பார்க்கலாம். நடுவில் ஓர் ஆறு. அதன் இடப்பக்கம் ஓர் எட்டு, வலப்பக்கம் சற்றுத் தள்ளி இரண்டு எட்டுகள். அச்செழுத்தில் ஆறுக்கும் எட்டுக்கும் உள்ள வேறுபாடு மேல் வளைவின் வலப்புறத்தில் இருக்கும் ஒரு சிறு திறப்பு மட்டுமே. அந்தத் திறப்பு மூடிக்கொண்டால் எண் 4,188,188 ஆகிவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு அதில் எந்தக் குறையும் தெரியாது. மங்கிய எழுத்து சந்தேகத்தை எழுப்பும். தெளிவான தவறான எழுத்து நம்பிக்கையை வளர்க்கும். அட்டவணைகளை ஸ்கேன் செய்வதில் உள்ள உண்மையான ஆபத்து இந்த இரண்டாவது வகையே. ஸ்கேன் அமைப்புகளைத் தேர்வது அலுவலக வேலை என்றும் ஆய்வு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது என்றும் துறைகள் கருதி வருவது இக்காரணத்தால் தவறு. பிரிதிறனையும் கோப்பு வடிவத்தையும் தேர்வது சான்றைத் தேர்வதாகும்.

இந்த ஆபத்து கற்பனையன்று. 2013ஆம் ஆண்டு ஜெர்மானியக் கணினி அறிவியலாளர் டேவிட் கிரீசல் ஒரு கட்டட வரைபடத்தைச் ஜெராக்ஸ் வொர்க்சென்டர் வகை இயந்திரத்தில் ஸ்கேன் செய்தபோது வெளிப்பட்ட நிகழ்வு இதற்குச் சான்று. வரைபடத்தில் மூன்று அறைகளின் பரப்பளவுகள் 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என எழுதப்பட்டிருந்தன. ஸ்கேன் செய்து கிடைத்த படத்தில் மூன்று அறைகளுக்கும் 14.13 என்றே இருந்தது. எழுத்துணரி மென்பொருள் எதுவும் இடையில் இல்லை; மாறியது படமே. பிறகு ஒரு செலவுப் பட்டியலைச் சோதித்தபோது 65.40 என்னும் தொகை 85.40 ஆக மாறியிருந்தது. குறைந்த தரநிலையில் மட்டுமே இது நேரும் என்பதுபோல் முதலில் விளக்கம் வந்தது. உயர்ந்த தரநிலைகளிலும் நேர்வதைக் கிரீசல் காட்டினார். நிறுவனம் அதை ஒப்புக்கொண்டு திருத்த மென்பொருளை வெளியிட்டது. எட்டாண்டுகளாக உலகெங்கும் அலுவலகங்களில் ஓடிய மென்பொருளில் இருந்த பிழை அது. அத்தனை ஆண்டுகள் எவரும் கவனிக்காமல் இருந்ததற்குக் காரணம் எளியது: மாறிய எண்கள் அழகாக, கூர்மையாக, சரியான வரிசையில் நின்றன.

இதற்குக் காரணமான முறைக்கு ஜேபிக்-2 என்று பெயர். கறுப்பு, வெள்ளை என்னும் இரண்டே நிலைகள் கொண்ட பக்கப் படங்களைச் சுருக்குவதற்காக 2000ஆம் ஆண்டையொட்டி வகுக்கப்பட்ட தரநிலை இது. இதில் பல வழிகள் உண்டு. ஒரு வழியில் சுருக்கும் மென்பொருள் பக்கத்தில் உள்ள கறுப்புத் திட்டுகளைத் தனித்தனியாகப் பிரிக்கிறது. ஒன்றுபோல் தோன்றும் திட்டுகளை ஒரு குழுவாகச் சேர்க்கிறது. குழுவிலிருந்து ஒரே ஒரு படத்தை மட்டும் ஓர் அகராதியில் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களிலெல்லாம் "இங்கே அகராதியின் இத்தனையாவது உருவை வை" என்று குறித்துவிடுகிறது. பக்கத்தில் நானூறு எட்டுகள் இருந்தால் ஒரு எட்டுக்கே இடம் தேவை. சுருக்கம் வியக்கத்தக்க அளவு கிடைக்கிறது. ஆனால் "ஒன்றுபோல் தோன்றும்" என்பதற்கு ஓர் எல்லை வைக்க வேண்டும். அந்த எல்லை தளர்வாக இருந்து, எழுத்து சிறிதாகவும் பிரிதிறன் குறைவாகவும் இருந்தால், ஆறு எட்டின் குழுவில் சேர்ந்துவிடும். சேர்ந்தபின் அங்கு ஆறு இருந்ததற்கான தடயமே கோப்பில் இராது. இதே ஜேபிக்-2 தரநிலையில் இழப்பற்ற வழிகளும் உள்ளன. அவற்றில் ஒரு படப்புள்ளிகூட மாறாது. ஆகவே பெயரைக் கண்டவுடன் அஞ்ச வேண்டியதில்லை. எந்த வழி பயன்பட்டது என்று தெரியாதபோது அஞ்ச வேண்டும்.

ஜேபெக் வடிவம் வேறு விதமாகக் கெடுக்கிறது. அது படத்தை எட்டுக்கு எட்டுப் படப்புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள நுண்ணிய ஏற்ற இறக்கங்களைத் தோராயமாக்குகிறது. மரத்தின் இலைகளையோ முகத்தையோ படம் எடுக்கும்போது இந்தத் தோராயம் கண்ணில் படாது. அட்டவணையில் படும். கறுப்பும் வெள்ளையும் திடீரென மாறும் விளிம்பே அச்செழுத்தின் உயிர்; ஜேபெக் முதலில் தியாகம் செய்வதும் அதையே. விளிம்பைச் சுற்றிச் சாம்பல் நிறப் புகைபோல் அலைகள் எழுகின்றன. அட்டவணையின் செங்குத்துக் கோடு எண்ணுக்கு மிக அருகில் ஓடினால், இரண்டும் ஒரே கட்டத்துக்குள் விழுந்து, கோட்டின் அலை எண்ணின் திறப்புக்குள் புகுகிறது. ஆயினும் ஜேபெக்கின் கேட்டில் ஒரு நேர்மை உண்டு: பக்கம் அழுக்காகத் தெரிகிறது. வாசிப்பவர் ஐயுறுவார், மூலத்தைத் தேடுவார். அந்த அழுக்குப் படத்தை யாரேனும் "தெளிவாக்கி" கறுப்பு வெள்ளையாக மாற்றும்போதுதான் நேர்மை போய்விடுகிறது. திறப்பில் புகுந்த சாம்பல் கறுப்பாக முடிவு செய்யப்படுகிறது, ஆறு எட்டாகிறது, பிறகு அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் ஜேபிக்-2 வழியாகச் சுருங்கினால் பிழை இன்னும் அழகு பெறுகிறது. கைபேசியின் ஸ்கேன் செயலிகள் பலவும் செய்வது ஏறத்தாழ இந்த வரிசையே: புகைப்படம், ஜேபெக், மாறுபாட்டைக் கூட்டல், பிடிஎஃப்.

எந்தப் பிரிதிறன் போதும் என்னும் கேள்விக்கு வழக்கமாக வரும் விடை "300 டிபிஐ". அந்த விடை சாதாரண நூற்பக்கத்துக்கானது. அட்டவணைக்கு விடை காண எழுத்தின் அளவிலிருந்து தொடங்க வேண்டும். கணக்கெடுப்பு அட்டவணைகளில் ஆறு புள்ளி அளவுள்ள சிற்றெழுத்து இருப்பதாகக் கொள்ளலாம். அதில் ஒரு எண்ணின் உயரம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். ஆறின் மேல் திறப்பு அதில் ஏழில் ஒரு பங்கு, அதாவது 0.2 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 150 டிபிஐயில் ஒரு படப்புள்ளியின் அகலம் 0.17 மில்லிமீட்டர், திறப்புக்கு ஒரு புள்ளிதான் கிடைக்கும். 200 டிபிஐயில் ஒன்றரைப் புள்ளி. 300இல் இரண்டுக்குச் சற்று மேல். 400இல் மூன்று. 600இல் ஏறத்தாழ ஐந்து. கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் ஆம், இல்லை என இரண்டில் ஒன்றாகவே இருக்க முடியும். திறப்பின் இருபக்க விளிம்புகளிலும் மை ஒரு புள்ளி கசிந்தால்கூட 300 டிபிஐ படத்தில் திறப்பு மூடிவிடும். 600இல் இருபக்கமும் ஒவ்வொரு புள்ளி கசிந்த பிறகும் ஏறத்தாழ மூன்று புள்ளி மிஞ்சும்.

சாம்பல்நிலைப் படத்தில் நிலைமை வேறு. அங்கு ஒவ்வொரு புள்ளியும் 256 நிலைகளில் ஒன்றைக் கொள்கிறது. விளிம்பு ஒரு புள்ளியின் நடுவில் விழுந்தால் அந்தப் புள்ளி பாதிச் சாம்பலாக நின்று விளிம்பின் இடத்தைச் சொல்லிவிடும். எனவே குறைந்த பிரிதிறனிலேயே அதே செய்தி தங்குகிறது. கார்னெல் பல்கலைக்கழக நூலகத்தில் ஆன் கென்னியும் ஸ்டீபன் சாப்மனும் 1990களில் வகுத்த கணக்கு இதையே எண்ணாகச் சொல்கிறது. பக்கத்தின் மிகச் சிறிய எழுத்தின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து, வேண்டிய தர எண்ணைத் தேர்ந்து, பிரிதிறனைக் கணக்கிடலாம். மிக உயர்ந்த தரத்துக்கு எண் 8.

```
கறுப்பு-வெள்ளை:  dpi = 3 × 8 / (0.039 × h)
சாம்பல்நிலை:     dpi = 2 × 8 / (0.039 × h)
```

கணக்கில் `h` என்பது ஆங்கிலச் சிறிய e எழுத்தின் உயரம். அது ஒரு மில்லிமீட்டராக இருந்தால் கறுப்பு வெள்ளைக்கு 615, சாம்பல்நிலைக்கு 410 கிடைக்கும். நூலகங்கள் 600 என்றும் 400 என்றும் சொல்லும் எண்களுக்கு அடிப்படை இதுவே. e எழுத்தின் சிறு திறப்பும் ஆறின் திறப்பும் ஏறத்தாழ ஒரே வகைச் சிக்கல் ஆதலால் அட்டவணைக்கும் இக்கணக்கு பொருந்துகிறது. இதிலிருந்து கிடைக்கும் தீர்ப்பு தெளிவானது: அட்டவணைப் பக்கம் என்றால் சாம்பல்நிலையில் 400 டிபிஐ; கறுப்பு வெள்ளைதான் இயலும் என்றால் 600 டிபிஐ. 300 டிபிஐ கறுப்பு வெள்ளை என்னும் பரவலான இணைப்பு அட்டவணைக்கு ஏற்றதன்று. பக்கத்தின் மீது ஊதா நூலக முத்திரையோ பென்சில் குறிப்போ எண்ணை மறைத்திருந்தால் மட்டும் வண்ணம் தேவை. நிறம் இருந்தால் முத்திரையையும் மையையும் பின்னர் பிரித்துப் பார்க்க முடியும்.

பிரிதிறனும் சுருக்கமும் தனித்தனி முடிவுகள் அல்ல. ஜேபெக்கின் கட்டம் எப்போதும் எட்டுப் படப்புள்ளிதான். எழுத்தின் அளவைப் பொறுத்து அது மாறுவதில்லை. 200 டிபிஐயில் ஒன்றரை மில்லிமீட்டர் எண் பன்னிரண்டு புள்ளி உயரம் கொண்டது. ஒரு முழு வளைவும் அதன் திறப்பும் ஒரே கட்டத்துக்குள் நெருங்கிக் கிடக்கும். 400இல் அதே எண் ஏறத்தாழ இருபத்துநான்கு புள்ளி உயரம். ஒவ்வொரு கட்டத்திலும் ஓரிரு விளிம்புகளே விழும், தோராயமாக்கலின் அடி குறையும். ஆகவே 150 டிபிஐயில் இழப்பின்றிச் சேமித்த படத்தைவிட, 400 டிபிஐயில் உயர்ந்த தரத்தில் சேமித்த ஜேபெக் மேலானது. பிரிதிறன் குறைந்ததால் தொலைந்ததை எந்தக் கோப்பு வடிவமும் மீட்டுத் தராது. இரண்டையும் செய்ய முடியும் என்றால் செய்ய வேண்டியது, மூலப்படத்தை இழப்பற்ற டிஃப் கோப்பாகவோ பிஎன்ஜி கோப்பாகவோ வைப்பது. 600 டிபிஐ கறுப்பு வெள்ளைக்கு டிஃப் கோப்புக்குள் குரூப் 4 என்னும் பழைய தொலைநகல் சுருக்கம் பொருத்தமானது. அது முற்றிலும் இழப்பற்றது. படிப்பதற்கும் பகிர்வதற்கும் சிறிய பிடிஎஃப் ஒன்றைத் தனியாக உருவாக்கிக்கொள்ளலாம். எண்களைப் பெயர்த்தெழுதும்போது மட்டும் மூலப்படத்தையே திறக்க வேண்டும்.

இடம் போதாது என்னும் மறுப்பு எப்போதும் எழும். கணக்கிட்டுப் பார்க்கலாம். எட்டரைக்குப் பதின்மூன்றரை அங்குலப் பக்கம் 400 டிபிஐயில் 3400க்கு 5400 படப்புள்ளிகள். சாம்பல்நிலையில் சுருக்கமே இல்லாமல் சற்றேறக்குறைய 18 மெகாபைட். ஐந்நூறு பக்கத் தொகுதி முழுவதும் 9 ஜிகாபைட். ஒரு 64 ஜிபி பென் டிரைவில் இத்தகைய ஆறு தொகுதிகள் அடங்கும். மேலும் ஐந்நூறு பக்கமும் அட்டவணையாக இருப்பதில்லை. விளக்கவுரைப் பக்கங்களைச் சிறிதாக வைத்துக்கொள்ளலாம். இடப்பற்றாக்குறை பெரிய சுமையாக இருந்த காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் எடுத்த முடிவுகளின் பழக்கம் இன்றும் இயந்திரங்களின் இயல்பு அமைப்பாகத் தொடர்கிறது.

இனி, ஏற்கெனவே கையில் உள்ள கோப்புகள். பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம் ஒருங்கிணைத்த இந்திய மின்னூலகத் திட்டத்தில் நூல்கள் 600 டிபிஐ கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்யப்பட்டன. எழுத்துகளைப் பொறுத்தவரை அது நல்ல முடிவே. இன்று அந்நூல்களைப் பெரும்பாலோர் காண்பது இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில், `in.ernet.dli.2015` என்று தொடங்கும் அடையாளத்துடன். அங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அத்தளத்தின் சொந்த ஸ்கேன்களுக்குப் பக்கப் படங்களின் தொகுப்பு பிடிஎஃப்பைவிட மூலத்துக்கு நெருக்கமானது. இந்த மின்னூலக நூல்களுக்கோ பதிவேற்றப்பட்டதே பிடிஎஃப். பக்கப் படங்கள் அதிலிருந்து பிறந்தவை. பெரிய கோப்பு என்பதால் அது நல்ல கோப்பு ஆகிவிடாது. நகலிலிருந்து எடுத்த நகல் எத்தனை மெகாபைட் ஆனாலும் நகலே.

ஒரு பிடிஎஃப்புக்குள் எந்தச் சுருக்கம் இருக்கிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. பாப்ளர் தொகுப்பில் உள்ள சிறு கருவி ஒன்று சொல்லிவிடும். 212ஆம் பக்கத்தைப் பார்க்க வேண்டுமானால்:

```
pdfimages -list -f 212 -l 212 census.pdf
pdfimages -all  -f 212 -l 212 census.pdf p
```

முதல் கட்டளை தரும் பட்டியலில் `x-ppi` நிரல் உண்மையான பிரிதிறனையும் `enc` நிரல் சுருக்க முறையையும் காட்டும். `ccitt` என்றால் குரூப் 4 போன்ற இழப்பற்ற தொலைநகல் சுருக்கம். இந்த அளவில் கவலையில்லை. `jpeg` என்றால் சிதைவு இருக்கலாம், ஆனால் கண்ணுக்குத் தெரியும். `jbig2` என்றால் அடுத்த படி தேவை. இரண்டாவது கட்டளை படங்களை வெளியே எடுக்கும்போது `.jb2g` என்று முடியும் கோப்பும் கூடவே வந்தால், பொதுவான உரு அகராதி ஒன்று பயன்பட்டிருக்கிறது என்று பொருள். அது தன்னளவில் குற்றச் சான்றன்று, ஐயத்துக்கு இடம். ஒரே பக்கத்தில் இரண்டு மூன்றடுக்குப் படங்கள் வரிசையாகத் தோன்றினால் பின்னணி ஒரு முறையிலும் எழுத்து வேறொரு முறையிலும் சுருக்கப்பட்டுள்ளன. அப்போது பார்க்க வேண்டியது எழுத்தடுக்கை.

கருவி சொல்லாததைக் கண் சொல்லும். பக்கத்தை எண்ணூறு சதவீதம் பெரிதாக்கி, வெவ்வேறு நிரல்களில் உள்ள நான்கைந்து எட்டுகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஈய அச்சில் ஒவ்வோர் எட்டும் தனித்தனி வார்ப்பு. மை ஒவ்வொரு முறையும் வேறுபட்டுப் பரவும். தாளின் நார் வேறு. ஸ்கேனரின் புள்ளி வலை எழுத்தின் மேல் விழும் இடமும் வேறு. உண்மையான ஸ்கேனில் எந்த இரண்டு எட்டுகளும் புள்ளிக்குப் புள்ளி ஒன்றாக இருப்பது அரிதினும் அரிது. நான்கு எட்டுகளும் ஒரே இடத்தில் ஒரே பிசிறுடன் நின்றால் அவை அகராதியிலிருந்து எடுத்து ஒட்டப்பட்டவை. அந்தப் பக்கத்தில் உள்ள ஆறுகளையும் மூன்றுகளையும் அதன்பின் நம்புவதற்கில்லை.

மூன்றாவது சோதனை கூட்டல். கணக்கெடுப்பு அட்டவணைகளின் பெருங்கொடை அவற்றின் கூட்டுத்தொகை வரிசைகள். ஒரு நிரலைப் பெயர்த்தெழுதிக் கூட்டி, அச்சிட்ட மொத்தத்துடன் ஒப்பிட்டு, வரும் வேறுபாட்டின் உருவத்தைப் படிக்க வேண்டும். ஆறும் எட்டும் மாறியிருந்தால் வேறுபாடு 2, 20, 200, 2,000 என நிற்கும். மூன்றும் எட்டும் மாறினால் 5, 50, 500. ஒன்றும் ஏழும் மாறினால் 6, 60, 600. தட்டச்சு செய்தவர் அடுத்தடுத்த இரு இலக்கங்களை இடம் மாற்றியிருந்தால் வேறுபாடு ஒன்பதால் வகுபடும். கணக்கர்கள் காலங்காலமாக அறிந்த சோதனை இது. 4,186,188 என்பது 4,188,188 ஆகியிருந்தால் மொத்தத்தில் 2,000 மிகும். அந்த ஒற்றை இலக்கமே குற்றவாளியின் பெயரைச் சொல்கிறது: ஆயிரத்தின் இடத்தில் ஆறை எட்டாக்கியவர். வேறுபாடு 1 அல்லது 100 என வந்தால் மட்டும் தீர்ப்பு கடினம். ஐந்து ஆறாகியிருக்கலாம், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கூட்டிய எழுத்தர் மீதியைக் கொண்டுபோக மறந்திருக்கலாம்.

கூட்டல் சோதனைக்கும் எல்லைகள் உண்டு. மொத்தமே இல்லாத நிரல்களில் அது பயன்படாது. ஒரே நிரலில் ஓர் ஆறு எட்டாகவும் ஓர் எட்டு ஆறாகவும் ஒரே இடமதிப்பில் மாறியிருந்தால் மொத்தம் சரியாகவே வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, மூல அச்சிலேயே பிழைகள் இருந்தன. சோதனை ஒரு பிழையைக் காட்டும்போது அது அச்சகத்தின் பிழையா, ஸ்கேனரின் பிழையா என்பதை மூலப்படம் மட்டுமே தீர்க்கும். மூலப்படம் சுருங்கிச் சிதைந்திருந்தால் ஆய்வாளர் 1881ஆம் ஆண்டின் எழுத்தர் ஒருவர் மீது அவர் செய்யாத பிழையைச் சுமத்தி அடிக்குறிப்பு எழுதுவார். அந்த அடிக்குறிப்பை அடுத்தவர் மேற்கோள் காட்டுவார்.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு நியாயமான அடிப்படை இருக்கிறது. மைசூரின் மொத்தத்தில் 2,000 கூடுவதால் பஞ்சத்தின் கதை மாறாது. 1881க்கும் 1891க்கும் இடையே மக்கள்தொகை 4,943,604 ஆக உயர்ந்தது, வளர்ச்சி 18.09 சதவீதம் என்பது பிழையான எண்ணால் 18.04 ஆகும், அவ்வளவே. ஆனால் பிழை இடமதிப்பை அறியாது. அதே எண்ணில் இடப்பக்கத்து எட்டு ஆறாகியிருந்தால் 20,000 பேர் குறைந்திருப்பார்கள். மேலும் ஆய்வுகள் மொத்தங்களில் மட்டும் வாழ்வதில்லை. மொழி அட்டவணைகளைப் பார்ப்பவர் இதை நன்கு உணர்வார். 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 1,652 தாய்மொழிப் பெயர்களைப் பட்டியலிட்டது. அவற்றுள் பலவற்றின் எதிரே நிற்பவை மிகச் சிறிய எண்கள். ஒரு மாவட்டத்தில் ஒரு மொழி பேசுவோர் 36 என்றும் அடுத்த கணக்கெடுப்பில் 86 என்றும் ஒருவர் படித்தால், அவர் அங்கே ஒரு புலம்பெயர்வைக் காண்பார், காரணம் தேடுவார், கண்டும் பிடிப்பார். சிறு மொழிகளின் வரலாறு இத்தகைய இரண்டு இலக்கங்களின் மேல் நிற்கிறது. அங்கே ஒரு திறப்பு மூடினால் ஒரு கதை பிறக்கிறது.

நூலகத்துக்குள் ஸ்கேனர் கொண்டுபோக முடியாது, கைபேசிதான் கதி என்பது பல மாணவர்களின் நிலை. அதற்கும் வழி உண்டு. 12 மெகாபிக்சல் படம் 4000க்கு 3000 புள்ளிகள். பதின்மூன்றரை அங்குல உயரமுள்ள முழுப் பக்கத்தையும் ஒரே படத்தில் அடக்கினால் அங்குலத்துக்கு 296 புள்ளிக்கு மேல் கிடைக்காது. வில்லையின் மங்கலையும் கை அசைவையும் கழித்தால் உண்மையில் அதனினும் குறைவு. அதே பக்கத்தை மேல்பாதி, கீழ்பாதி என இரண்டாக, கைபேசியைக் கிடையாகப் பிடித்து எடுத்தால் அங்குலத்துக்கு 440 புள்ளி வரை கிடைக்கும். இரு பாதிகளும் இரண்டு வரிசை அளவு ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். ஸ்கேன் செயலியை விடுத்து இயல்பான கேமராவையே பயன்படுத்துவது நல்லது. கறுப்பு வெள்ளையாக்கும் வேலையை வீட்டில் மூலப்படத்தின் பிரதி மீது செய்யலாம். பிறகு அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பக் கூடாது. வழக்கமான தரத்தில் நீண்ட பக்கம் 1600 புள்ளி அளவுக்குச் சுருங்கினால் முழுப் பக்கத்துக்கு அங்குலத்துக்கு 118 புள்ளியே மிஞ்சும். ஆறின் திறப்புக்கு ஒரு முழுப் புள்ளிகூட இல்லை. ஆவணமாக இணைத்து அனுப்பினால் கோப்பு மாறாமல் போய்ச் சேரும்.

துறைகளிடமிருந்து வேண்டப்படுவது பெரிய சீர்திருத்தம் எதுவுமன்று. அட்டவணை எண்களைத் தரவாகக் கொள்ளும் ஆய்வேட்டில், முறையியல் அத்தியாயத்தில், இரண்டு வரிகள் போதும்: எண்கள் எந்தப் படத்திலிருந்து பெயர்க்கப்பட்டன, அந்தப் படத்தின் பிரிதிறனும் சுருக்கமும் என்ன. களப்பணியில் பதிவுக் கருவியின் பெயரையும் ஒலிக்கோப்பின் வடிவத்தையும் எழுதும் வழக்கம் மொழியியல் துறைகளில் இருக்கிறது. அழுத்தமான எம்பி3 கோப்பில் உரசொலிகளை அளந்ததாகச் சொல்லும் மாணவரை நெறியாளர் திருப்பி அனுப்புவார். அட்டவணைக்கு மட்டும் அந்தக் கேள்வி எழுவதில்லை. எண் என்பது படத்துக்கு அப்பாற்பட்டது என்னும் நம்பிக்கை அதற்குக் காரணம். எண்ணும் படமாகவே வந்து சேர்கிறது.

பெயர்த்தெழுதும் வேலை தொடங்குமுன் தொகுதியிலேயே மோசமான பக்கம் ஒன்றைத் தேர்ந்து, அதில் ஓர் ஆறைத் தேடி, பெரிதாக்கி, மேல் திறப்பில் எத்தனை வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் ஆகும். மூன்று இருந்தால் தொடரலாம். ஒன்றுதான் இருந்தால் நூலகத்துக்குத் திரும்ப வேண்டும். புத்தகம் அங்கே இருக்கும் வரைதான் அந்த வாய்ப்பும் இருக்கும்.